சிங்களத் தோழிக்கு மூன்று தமிழ்ப் படங்கள்

தமிழ் தெரியாத ஒருவருக்குத் தமிழ்ப் படம் காட்ட வெளிக்கிட்டால், எங்களுக்கு ஆகப் பிடித்த படத்திலிருந்து தொடங்கக் கூடாது. என் தோழி சிங்களம் பேசுகிறவள். ஆங்கில சப்டைட்டில் அவளுக்கு இரண்டாம் மொழி. ஒரு வரியை வாசித்து முடிக்கிறதுக்குள் அடுத்தது வந்துவிடும். ஆகவே நான் பார்த்தது ஒன்றைத்தான்: சப்டைட்டில் எதைத் தொலைத்தாலும் இந்தப் படம் நிற்குமா?

வீட்டில் செய்து பார்க்க ஒரு வழி இருக்கு. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் ஓட விடுங்கோ. என்ன நடக்குது எண்டு பாதியாவது விளங்கினால் அந்தப் படத்தைக் காட்டலாம். ‘மண்டேலா’ எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் முதல் படமாக வைக்கவில்லை. ஊர் அந்த முடிதிருத்துபவரை ‘இளிச்சவாயன்’ என்று கூப்பிடுகிறது. அந்தச் சொல்லில் சிரிப்பும் இருக்கு, ஏமாளி என்ற இளக்காரமும் இருக்கு. ஆங்கிலத்தில் எந்த ஒற்றைச் சொல்லைப் போட்டாலும் ஒன்று விழுந்துபோகும். பெயரில்லாத மனிதனுக்குப் பெயர் கிடைப்பதுதான் கதை என்றபடியால், அந்த இழப்பு சின்னது இல்லை.

முதலில் போட்டது ‘கைதி’, 2019இல் வந்த லோகேஷ் கனகராஜின் படம். ஒரே இரவு. பாட்டு இல்லை, காதல் இல்லை. சிறையிலிருந்து வெளியே வந்த டில்லி இதுவரை காணாத தன் மகளைப் பார்க்கப் போகிறான். வழியில், மயங்கிக் கிடக்கும் பொலிஸ்காரரை லொறியில் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டி வருகிறது. யார் துரத்துகிறார்கள், யார் தப்ப வேண்டும் என்பது கண்ணுக்கே தெரியும். கார்த்தி வாளியோடு பிரியாணி சாப்பிடும் இடத்தில் அவள் கீழே பார்க்கவே இல்லை. ஒரேயொரு இடம்தான் கஷ்டம்: டில்லி தன் பழைய கதையைச் சொல்லும் நீண்ட பேச்சு. அங்கே முகமும் வேணும், சொல்லும் வேணும். அந்தத் துண்டைத் திருப்பிப் போட்டேன். இரண்டாம் முறை அவள் முகத்தை மட்டும் பார்த்தாள்.

இரண்டாவது மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ (2015). சென்னைச் சேரியில் இரண்டு சகோதரர்கள், ரயில் பாதையில் விழும் கரியைப் பொறுக்கி விற்கிறார்கள். அவர்களுக்குப் பீட்சா சாப்பிட ஆசை. இதிலும் பட்டப்பெயர்தான், ஆனால் பெரிய காக்கா முட்டை, சின்ன காக்கா முட்டை என்பது எந்த மொழிக்கும் அப்படியே போகும். பீட்சாக் கடை நோட்டீஸைப் பார்த்து ஆயா தோசை மாவில் பீட்சா சுடுகிற காட்சிக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. தோசை சிங்களத்திலும் தோசைதானே! இடையிடையே எங்கேயாவது ‘அம்மா’ என்று கேட்டால் அவளுக்குச் சந்தோஷம். தமிழ் தூரத்து மொழி இல்லை என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவதுக்குத்தான் நான் யோசித்தேன். ‘டூரிஸ்ட் ஃபேமிலி’, 2025, அபிஷன் ஜீவிந்த் இயக்கியது. பொருளாதார நெருக்கடியால் இலங்கையிலிருந்து படகில் போய்ச் சென்னையில் ஒளிந்து வாழும் ஒரு குடும்பம். வாயைத் திறந்தால் எங்கட தமிழ் காட்டிக் கொடுத்துவிடும், அதுதான் படத்தின் பயமும் பகிடியும். ஆனால் சப்டைட்டிலில் தர்மதாஸும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். அவளுக்கு எங்கே பயம் வரும்?

அதனால் படம் தொடங்க முதல் ஐந்து நிமிஷம் எடுத்தேன். “என்ன கதைக்கிறியள், விளங்கேல்ல” என்று ஒருக்கா, “என்ன பேசுறீங்க, புரியல” என்று ஒருக்கா. மாத்தறைக்காரர் கொழும்பில் வாயைத் திறந்தால் எப்படியோ, அப்படி என்றேன். அவள் சிரித்துவிட்டாள், அவளுடைய அம்மம்மா மாத்தறையாம். அதுக்குப் பிறகு சசிகுமார் ‘கதை’ என்று தொடங்கினாலே என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இந்தச் சின்ன ஆயத்தம் இல்லாமல் அந்தப் படத்தைக் காட்டாதேங்கோ. அழுகிற இடங்கள் மட்டும் மிஞ்சும், அதுகள் கொஞ்சம் கூடத்தான்.

ஒன்றை மட்டும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்த வீட்டுச் சின்னவனின் பெயர் முள்ளி. சப்டைட்டில் அதை வெறும் பெயராக எழுதிவிட்டுப் போகும். எங்களுக்கு அதில் முள்ளிவாய்க்கால் கேட்கும். படம் முடிய, “இது என்ன பெயர்?” என்று அவளே கேட்டாள். லப்டொப்பை மூடிவிட்டுச் சொல்லத் தொடங்கினேன். 2009இல் அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. அவளுடைய ஊரில் அந்த மே மாதம் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுத்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதை அவளே சொன்னாள், மெதுவாக, எனக்கு விளங்கட்டும் என்று ஆங்கிலத்தில்.