காலை ஏழே முக்கால், வெறும் வயிறு

டெஸ்டோஸ்டிரோன் என்பது ஒரே எண் இல்லை. ஆனால் லேப் ரிப்போர்ட்டில் ஒரே எண்ணாகத்தான் அச்சாகி வருகிறது. பக்கத்தில் ஒரு எல்லை போட்டிருப்பார்கள். நம் எண் அதற்குக் கீழே இருந்தால் தடித்த எழுத்தில் வரும். அந்தத் தடித்த எழுத்தைப் பார்த்த ஆண் அதற்கப்புறம் எதையும் நிதானமாக யோசிப்பதில்லை.

என் நண்பன் ஒருவனுக்கு வந்த எண் 262. அலகு, நூறு மில்லிலிட்டர் ரத்தத்தில் இத்தனை நானோகிராம். அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம் குறைவு என்று சொல்லும் எல்லை 300. அவனுக்கு வயது முப்பத்து நாலு, உயரம் 170 செ.மீ., எடை 94 கிலோ. அமெரிக்க கிளையண்டுக்காக இரண்டு வருடமாக நைட் ஷிஃப்ட். கல்யாணமாகி மூன்று வருடம். ஊருக்குப் போனால் "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்விக்குப் பயந்து மாடி ரூமை விட்டு இறங்க மாட்டான். அந்த நிலைமையில்தான் ஆன்லைனில் ஒரு டப்பா வாங்கினான். உள்ளே நெருஞ்சில், அமுக்கரா, துத்தநாகம், டி-அஸ்பார்ட்டிக் அமிலம். மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுத்தான். 371.

"மச்சான், நூறு பாயிண்ட் ஏறியிருக்குடா. மாத்திரை வேலை செஞ்சிருச்சு."

இரண்டு ரிப்போர்ட்டையும் அனுப்பச் சொன்னேன். என் வேலையில் ஒரு சர்வர் வேகமாகிவிட்டது என்று யாராவது சொன்னால், முன்னால் எத்தனை மணிக்கு அளந்தாய், பின்னால் எத்தனை மணிக்கு அளந்தாய் என்றுதான் முதலில் கேட்போம். ரிப்போர்ட்டின் மூலையில் ரத்தம் எடுத்த நேரம் பொடி எழுத்தில் இருக்கும். முதல் ரிப்போர்ட்: மாலை 4.10. இரண்டாவது: காலை 7.45.

"முதல் தடவை சாப்பிட்டுட்டுப் போனியா?"

"ஆமா, பிரியாணி சாப்பிட்டுட்டு அப்படியே போனேன். ரெண்டாவது தடவை லேப்காரரே வெறும் வயித்துல வரச் சொல்லிட்டாரு."

இந்த ஹார்மோன் தூக்கத்தில் ஏறி, எழுந்திருக்கும் நேரத்தையொட்டி உச்சத்தில் இருந்து, மாலைக்குள் இறங்கும். இளம் ஆண்களில் மாலை அளவு காலை அளவை விடச் சுமார் கால் பங்கு குறைவாக இருப்பது சாதாரணம். சாப்பாடும் இதில் சேரும். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து அளந்த ஆய்வொன்று 2013இல் வெளியானது. அதில் டெஸ்டோஸ்டிரோன் சராசரியாக 25 சதவீதம் சரிந்து, இரண்டு மணி நேரம் கழித்தும் முழுதாக மீளவில்லை. போதாததற்கு, ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் எடுத்தாலும் நாளுக்கு நாள் எண் கொஞ்சம் மாறும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை, வெறும் வயிற்றில் 350 இருக்கிற ஒருவருக்கு மாலையில் கால் பங்கு குறைந்தால் சுமார் 262. சாப்பாட்டைச் சேர்க்கவே வேண்டாம், நேர வித்தியாசம் மட்டுமே முதல் ரிப்போர்ட்டை விளக்கிவிடுகிறது. 350க்கும் 371க்கும் உள்ள இடைவெளி நாளுக்கு நாள் வரும் அலைச்சலுக்குள்ளேயே அடக்கம். டப்பாவுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. காலையில், வெறும் வயிற்றில், வெவ்வேறு நாட்களில் இரண்டு தடவை எடுத்து, இரண்டும் குறைவாக இருந்து, கூடவே அறிகுறிகளும் இருந்தால்தான் மருத்துவர்கள் குறைபாடு என்று சொல்வதன் காரணம் இதுதான். நைட் ஷிஃப்ட்காரர்களுக்குக் 'காலை' என்பது அவர்கள் தூங்கி எழும் நேரம். பகலில் தூங்கி மாலை நாலு மணிக்கு எழுபவர் காலை எட்டு மணிக்கு லேபில் போய் நின்றால் அவர் கொடுப்பது ராத்திரி ரத்தம்.

அதற்காக டப்பாவில் இருப்பதெல்லாம் சும்மா என்றும் ஒரே போடாகப் போட்டுவிட முடியாது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் கதை வேறு வேறாக இருக்கிறது.

நெருஞ்சில் சித்த மருத்துவத்தில் நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் கொடுக்கிற மூலிகை. பல்கேரியாவிலிருந்து பளுதூக்குபவர்கள் வழியாக இது 'ஆண்மை' மருந்தாக உலகம் சுற்றியது. அதே பல்கேரியாவில் 2005இல் 21 இளைஞர்களை வைத்து நான்கு வாரம் சோதித்தார்கள். சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

துத்தநாகத்தின் கதை சுவாரஸ்யமானது. 1996இல் ஆனந்த பிரசாத் குழு ஆரோக்கியமான இளைஞர்கள் நான்கு பேருக்கு ஐந்து மாதம் துத்தநாகம் குறைந்த உணவு கொடுத்தது. அவர்களுடைய டெஸ்டோஸ்டிரோன் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்காக விழுந்தது. அதே ஆய்வில், லேசான பற்றாக்குறை இருந்த முதியவர்களுக்கு மாத்திரை கொடுத்தபோது இரண்டு மடங்கு ஏறியது. விளம்பரக்காரர்கள் இந்த இரண்டாவது வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பற்றாக்குறை இல்லாதவர்களிடம் துத்தநாக மாத்திரையைச் சோதித்தபோது எதுவும் நகரவில்லை. ஓட்டை இருக்கும் வாளியில் ஓட்டையை அடைத்தால் தண்ணீர் நிற்கும். நிறைந்த வாளியில் ஊற்றினால் வழிந்துதான் போகும். கறி, முட்டை, பயறு சாப்பிடுகிற என் நண்பனின் வாளியில் அந்த ஓட்டை இருக்க வாய்ப்பு குறைவு.

டி-அஸ்பார்ட்டிக் அமிலம் பன்னிரண்டு நாளில் 42 சதவீதம் ஏற்றியதாக 2009இல் ஒரு ஆய்வு வந்தது. பிறகு உடற்பயிற்சி செய்யும் ஆண்களிடம் சோதித்தபோது ஏறவில்லை. ஆறு கிராம் எடுத்தவர்களுக்கு இறங்கியது. அமுக்கரா மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. 2015இல் 57 பேரிடம் எட்டு வாரம் நடந்த ஆய்வில் சாப்பிட்டவர்களுக்கு 96 ஏறியது, போலி மாத்திரைக்காரர்களுக்கு 18. ஆனால் ஆய்வு சிறியது, குறுகிய காலம். எப்போதாவது சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததும் பதிவாகியிருக்கிறது. முருங்கைக்காயின் புகழுக்கு 1983இல் வந்த 'முந்தானை முடிச்சு' காரணம். அதைச் சாம்பாருக்காகச் சாப்பிடுங்கள்.

அப்படியென்றால் எதுதான் இந்த எண்ணை நிஜமாக நகர்த்துகிறது?

முதலில் தூக்கம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்கள் பத்துப் பேரை ஒரு வாரம் ராத்திரிக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க வைத்தார்கள். 2011இல் வெளியான முடிவு: பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. ஐந்து மணி நேரம் என்பது எங்கள் டீமில் ரிலீஸ் வாரத்துச் சராசரி. இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஏற்கெனவே ஏழெட்டு மணி நேரம் தூங்குகிறவர் பத்து மணி நேரம் தூங்கினால் ஏறிக்கொண்டே போகாது. இங்கேயும் அந்த வாளிக் கணக்குதான்.

அடுத்தது தொப்பை. கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் என்றொரு நொதி இருக்கிறது. அது டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். ஈஸ்ட்ரோஜன் ஏறினால் மூளை 'போதும்' என்று எடுத்துக்கொண்டு உற்பத்திக் கட்டளையைக் குறைக்கும். இது பலர் கேள்விப்பட்டது. பலர் கேள்விப்படாதது கல்லீரலின் பங்கு. டெஸ்டோஸ்டிரோனில் சுமார் இரண்டு சதவீதம்தான் ரத்தத்தில் சுதந்திரமாகத் திரிகிறது. மிச்சம் புரதங்களில் ஒட்டிக்கொண்டு போகும். அதில் இறுக்கமாகப் பிடித்துவைக்கும் புரதத்துக்கு எஸ்.எச்.பி.ஜி. என்று பெயர். அதைக் கல்லீரல் செய்கிறது. எடை கூடி இன்சுலின் ஏறும்போது கல்லீரல் இந்தப் புரதத்தைக் குறைவாகச் செய்யும். வண்டிகள் குறைந்தால் வண்டியில் இருக்கும் சரக்கும் குறையும். மொத்த எண் சரியும். ஆனால் வேலை செய்கிற சுதந்திர அளவு பல சமயம் சரியாகவே இருக்கும்.

நண்பனுக்கு நடந்தது இதுதான். நான் கெஞ்சியதில் அவன் ஆண்ட்ராலஜி மருத்துவரிடம் போனான். எஸ்.எச்.பி.ஜி. 14, வரம்பின் அடிமட்டம். அதை வைத்துக் கணக்கிட்ட சுதந்திர டெஸ்டோஸ்டிரோன் சாதாரணம். மூளை அனுப்பும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் சாதாரணம். விந்தணு எண்ணிக்கை மட்டும் எல்லைக்குக் கொஞ்சம் கீழே. "ஹார்மோன் தேவையில்லை தம்பி, எடையைக் குறைங்க, ஷிஃப்ட்டை மாத்த முடியுதான்னு பாருங்க" என்றாராம்.

அவர் 'தேவையில்லை' என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஜிம்மில் ஒரு அண்ணன் வாரம் ஒரு ஊசி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி, பாதி சம்மதிக்கவும் வைத்திருந்தார். குழந்தை வேண்டும் என்பவருக்கு இதை விட மோசமான யோசனை கிடையாது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்தும். ரத்தத்தில் எண் ஜோராக இருக்கும், விரைக்குள்ளே அளவு விழுந்து விந்தணு உற்பத்தி நிற்கும். உலக சுகாதார நிறுவனம் இதையே ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகச் சோதித்தது. 1990இல் வந்த முடிவில், வாரம் 200 மில்லிகிராம் போட்டுக்கொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு விந்தணு எண்ணிக்கை பூஜ்யமானது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பி வரும். ஆனால் மாதக்கணக்கில் ஆகும். ஜிம் அண்ணன் விற்க வந்தது கருத்தடை என்று நான் சொன்னபோது நண்பன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

எடை குறைந்தால் எவ்வளவு ஏறும்? பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வந்த கணக்குப்படி, உணவுக் கட்டுப்பாட்டால் சராசரியாக 80 சொச்சம், எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையால் சுமார் 250. இதற்கும் ஒரு தரை உண்டு. போட்டிக்குத் தயாரான ஒரு பாடிபில்டரை ஆறு மாதம் பின்தொடர்ந்தார்கள். உடற்கொழுப்பு 14.8 சதவீதத்திலிருந்து 4.5க்கு வந்தபோது அவருடைய டெஸ்டோஸ்டிரோன் 922இலிருந்து 227க்கு விழுந்தது. பட்டினி என்று தெரிந்தால் இனப்பெருக்கத்தை ஒத்திவைப்பது உடம்பின் பழைய புத்தி. போஸ்டரில் கட்டுடலோடு நிற்பவர் அந்த நிமிடத்தில் நம் தொப்பைக்காரரை விடக் குறைந்த எண்ணோடு நின்றுகொண்டிருக்கலாம்.

நண்பன் பகல் ஷிஃப்ட் இருக்கும் ப்ராஜெக்ட்டுக்கு மாறினான். சம்பளத்தில் ஷிஃப்ட் அலவன்ஸ் போனது, அதற்கு வீட்டில் ஒரு சண்டையும் நடந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்விக்கி திறப்பதை நிறுத்தினான். சோற்றைப் பாதியாக்கி, முட்டையும் சுண்டலும் கூட்டினான். எண்ணெயை ஒரேயடியாக ஒதுக்கவில்லை. கொழுப்பே இல்லாத உணவும் இந்த எண்ணைக் கொஞ்சம் இறக்கும் என்பதால் மருத்துவரே வேண்டாம் என்றிருந்தார். எட்டு மாதத்தில் ஒன்பது கிலோ. காலை, வெறும் வயிறு: 428. எஸ்.எச்.பி.ஜி. 19. ஒரு விந்தணு முழுதாக உருவாக எழுபது நாளுக்கு மேல் ஆகும். அதனால் அந்த டெஸ்ட்டை மூன்று மாதம் இடைவெளி விட்டு எடுத்தார்கள். எண்ணிக்கை எல்லையைத் தாண்டியிருந்தது.

இந்த 428இல் எடைக்கு எவ்வளவு, தூக்கத்துக்கு எவ்வளவு, வெறும் அலைச்சலுக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அவன் ஒரே ஆள், ஒரே சோதனை. அதைச் சொன்னால் சிரிக்கிறான். "எண்ணு கெடக்கட்டும்டா. மதியம் மூணு மணிக்குத் தூக்கம் வரல, மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்கல. அது போதும்." குழந்தை இன்னும் இல்லை. ஆனால் போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அத்தை கேட்ட அதே கேள்விக்கு, மாடி ரூமுக்குள் ஒளியாமல், "வரும்போது சொல்றேன் அத்தே" என்று திண்ணையில் உட்கார்ந்தே பதில் சொன்னானாம்.