எது முன்பக்கம்?

ஷா ஆலமில் ஒரு சரக்குக் கிடங்கு. அதன் மாடியில் பழைய ஸ்டோர் ரூமைத் தடுத்துக் கட்டிய சிறிய சர்வர் அறை. இரண்டு ரேக்குகள், சுவரில் இரண்டு ஹார்ஸ்பவர் ஏர்கோன் இரண்டு. நான் அங்கே நெட்வொர்க் பார்க்கப் போனபோது நிர்வாகி மூன்றாவது ஏர்கோனுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் மேல்தட்டு சுவிட்சில் லிங்க் விழுந்து விழுந்து எழும். கீழே ஸ்கேனர்கள் நின்றுவிடும். லோரிகள் வாசலில் காத்திருக்கும்.

"கேபிள் லூஸ் லா, வேற என்ன" என்றார் நிர்வாகி. அதனால் கேபிள் வேலை செய்த அண்ணனுக்குக் கடைசித் தவணைப் பணம் வரவில்லை. ஐம்பதைத் தாண்டியவர். கிள்ளானிலிருந்து மோட்டாரில் வருகிறவர். ஒவ்வொரு கேபிளையும் டெஸ்டரில் போட்டுக் காட்டிவிட்டார், எல்லாமே பாஸ். "தம்பி, என் கேபிள்ல ஒன்னும் இல்லப்பா. ஆனா நான் சொன்னா யாரு கேக்குறா" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

முதலில் கணக்கு. யுபிஎஸ் திரையில் மொத்த மின்சுமை ஏறக்குறைய 4 கிலோவாட் காட்டியது. சர்வர் அறைக்குள் போகும் மின்சாரம் எல்லாம் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். ஒரு கிலோவாட்டுக்கு மணிக்கு 3,412 பிடியு என்று பெருக்கினால் 13,600 சொச்சம். இரண்டு ஹார்ஸ்பவர் ஏர்கோன் ஒன்றே 18,000 பிடியு அளவுக்கு இழுக்கும். அங்கே இரண்டு ஓடிக்கொண்டிருந்தன, இரண்டும் 16-ல் வைக்கப்பட்டிருந்தன. (16-ல் வைத்தால் ஏர்கோன் கூடுதல் குளிராக ஊதும் என்பது நம் ஊரில் அழிக்க முடியாத நம்பிக்கை. எண்ணைக் குறைத்தால் அது எப்போது நிற்க வேண்டும் என்பதுதான் மாறும்.) ஆக, குளிர் போதாமல் இல்லை. குளிர் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

சுவிட்சுக்குள் நுழைந்து `show environment temperature` என்று கேட்டேன். காற்று உள்ளே நுழையும் இடத்தில் 43 பாகை. சர்வர் அறைகளுக்கு அமெரிக்கப் பொறியாளர் அமைப்பான ஆஷ்ரே பரிந்துரைப்பது 18 முதல் 27 வரை. அதுவும் அறையின் வெப்பம் அல்ல, கருவி இழுக்கும் காற்றின் வெப்பம். சுவரில் மாட்டியிருந்த தெர்மோமீட்டர் 22 என்று சமர்த்தாகக் காட்டிக்கொண்டிருந்தது. 22 பாகை அறையில் 43 பாகைக் காற்றை ஒரு கருவி எங்கிருந்து இழுக்கிறது?

இதற்கு ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். சர்வர்காரருக்கு முன்பக்கம் என்றால் ஹார்ட் டிஸ்க் சொருகும் முகம். குளிர்ந்த காற்று அதன் வழியே நுழைந்து, சூடேறி, பின்னால் வெளியேறும். நெட்வொர்க் கேபிள் சொருகும் துளைகளும் பின்னால்தான் இருக்கும். நெட்வொர்க்காரருக்கோ முன்பக்கம் என்றால் போர்ட்டுகள் வரிசையாக இருக்கும் முகம். இரண்டு பேரும் ஒரே ரேக்கில் வேலை செய்யும்போது சுவிட்சின் 'முன்பக்கம்' சர்வரின் பின்பக்கத்தோடு சேர வேண்டியிருக்கிறது, கேபிள்கள் குட்டையாக இருக்க வேண்டுமே. எனவே சுவிட்சை ரேக்கின் பின்புறத்தில், போர்ட்டுகள் பின்னோக்கிப் பார்க்கும்படி மாட்டுகிறார்கள். அதில் தப்பே இல்லை, பலரும் செய்வதுதான்.

ஆனால் சுவிட்சும் சர்வரைப் போலவே ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் விடுகிறது. டேட்டா சென்டருக்கான சுவிட்சுகள் பெரும்பாலும் இரண்டு விதமாகவும் விற்கப்படும். போர்ட் பக்கம் இழுத்து ஃபேன் பக்கம் விடுவது ஒன்று, ஃபேன் பக்கம் இழுத்து போர்ட் பக்கம் விடுவது இன்னொன்று. பெட்டி ஒன்றுதான், உள்ளே சொருகும் ஃபேனும் பவர் சப்ளையும்தான் வேறு. ஆர்டர் எண்ணின் கடைசியில் ஒரு எழுத்து மாறும், ஃபேன் கைப்பிடியின் நிறம் மாறும். நிறத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது. எந்த நிறம் எந்தத் திசை என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். `show environment fan` என்று கேட்டேன். திசைக்கான பத்தியில் வந்ததும் முன், பின் என்ற சொற்கள்தான். விற்றவர் 'முன்னிருந்து பின்' என்ற வழக்கமான ரகத்தைக் கொடுத்திருக்கிறார். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இது யாருடைய முன்?

ஒரு டிஷ்யூவை மெல்லிய பட்டையாகக் கிழித்து, ரேக்கின் பின்னால் போய், போர்ட்டுகளுக்கு நேரே பிடித்தேன். பட்டை போய் ஒட்டிக்கொண்டது. சர்வர்கள் மொத்தமும் வெந்நீர் ஆவி போல ஊதிக்கொண்டிருக்கும் பக்கம் அது. அந்தக் காற்றைத்தான் சுவிட்ச் இழுத்துக்கொண்டிருந்தது. (ஊதுபத்தி இன்னும் தெளிவாகக் காட்டும். புகை டிடெக்டர் இருக்கும் அறையில் வேண்டாம்.) இழுத்த காற்றை மேலும் சூடாக்கி ரேக்கின் முன்பக்கம், குளிர் வர வேண்டிய பக்கம், துப்பியது. அதனால் அதற்குக் கீழே இருந்த சர்வருக்கும் பாதி வெந்த காற்று. இடுப்பு உயரத்தில் 22 இருந்தபோது அந்த சர்வரின் முகத்தருகே 29. அதன் ஃபேன்கள் மட்டும் ஓலமிட்டதற்குக் காரணம் இதுதான். மூன்றாவது ஏர்கோன் வந்திருந்தாலும் இந்தச் சுற்று நின்றிருக்காது.

சுவிட்சைத் திருப்பி மாட்டலாம். ஆனால் அப்போது எல்லாக் கேபிளும் பின்னிருந்து முன்னுக்கு ரேக்கைத் துளைத்துக்கொண்டு வர வேண்டும். நான்கைந்து கேபிளுக்குச் சரி, நாற்பதுக்குக் கஷ்டம். எனவே எதிர்த்திசை ஃபேன்களையும் பவர் சப்ளைகளையும் வரவழைத்தோம். பவர் சப்ளைக்குள்ளும் ஃபேன் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒன்று இழுக்க இன்னொன்று ஊதினால் காற்று உள்ளேயே முட்டிக்கொண்டு நிற்கும்; சுவிட்ச் எச்சரிக்கை கொடுத்து, சில மாடல்களில் தானாகவே அணைந்தும்விடும். ஓடும்போதே கழற்றி மாட்டலாம் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், திசை மாற்றும்போது அணைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுவதே நல்லது. அங்கே இரண்டு சுவிட்சுகள் ஜோடியாக இருந்ததால், இரவில் ஒன்றை அணைத்து முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டோம்.

மறுநாள் மத்தியானம் பார்த்தால் 34. 43-ஐ விட நல்லதுதான். ஆனால் இப்போது அது குளிர்ப் பக்கத்திலிருந்து இழுக்கிறது. அறை 22. இடையில் இந்தப் பன்னிரண்டு பாகை எப்படி ஏறியது?

இந்த இடம்தான் எனக்குப் பிடித்த இடம். ரேக்கின் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் இடையே முக்கால் மீட்டர் தூரம். சுவிட்சின் ஆழம் அரை மீட்டர். பின்தூணில் மாட்டினால் அதன் மூக்கு ரேக்கின் முகப்பு வரை வருவதில்லை; கால் மீட்டர் உள்ளே நின்றுவிடும். காலியாக இருக்கும் தட்டுகளை மூடி வை, இல்லாவிட்டால் சூடான காற்று முன்னால் திரும்பி வரும் என்பது சர்வர் அறையின் பாலபாடம். யாரோ அந்தப் பாடத்தை ஒழுங்காகப் படித்து, முன்னால் காலி போலத் தெரிந்த அந்த இரண்டு தட்டுகளையும் மூடியிட்டு அடைத்திருந்தார்கள். சுவிட்ச் மூடிய பொந்துக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பக்கத்து இடுக்குகளிலிருந்தும் கசிந்து வரும் சூட்டைத்தான் அது இழுக்க முடியும்.

மூடியைக் கழற்றினேன். உள்ளே கையை விட இடமில்லை. அவ்வளவு கேபிள். ஒரு மீட்டர் போதுமான இடத்தில் கம்பெனி மூன்று மீட்டர் பேட்ச் கார்டுகளாக வாங்கிக் கொடுத்திருந்தது. ஒரே அளவாக மொத்தமாக வாங்கினால் மலிவாம். மிச்சத்தைச் சுருட்டி எங்கே வைப்பது? பின்னால் தொங்கவிட்டால் அசிங்கமாக இருக்கும் என்று, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொந்தில் திணிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பின்னாலிருந்து போட்டோ எடுத்தால் பத்திரிகையில் போடலாம், அவ்வளவு அழகு. நாற்பது கேபிளின் மிச்சம், ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டருக்கு மேல், ஃபேனின் வாயில் பஞ்சு அடைத்தது போல.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "நான் அப்பவே ஒரு மீட்டர் வாங்குங்கன்னு சொன்னேன் தம்பி. வாட்ஸப்ல இருக்கு, காட்டவா?" காட்டினார். அதை நிர்வாகிக்கும் காட்டச் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை முழுக்க அவர்தான் மறுபடியும் கேபிள் போட்டார். ஒன்றும் ஒன்றரையுமாகப் புதிய கார்டுகள். போர்ட்டுகளின் முகத்துக்குக் குறுக்கே ஒன்றுகூடப் போகாமல், இடது பாதி இடப்பக்கமும் வலது பாதி வலப்பக்கமும் ஒதுங்கி, ஓரத்தில் செங்குத்தாக இறங்கின. இறுக்கும் பிளாஸ்டிக் டைக்குப் பதில் வெல்க்ரோ. டை கேபிளின் உறையை நசுக்கும், ஒரு கேபிளை மாற்ற வேண்டுமானால் கத்தி எடுக்க வேண்டும். இன்னொன்றும் செய்தார், எனக்குத் தோன்றாதது: ஒவ்வொரு ஃபேனையும் பவர் சப்ளையையும் ஒருமுறை வெளியே இழுத்துப் பார்த்து, மின்கம்பி வழியை மறைக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டார். நடுராத்திரியில் ஃபேன் மாற்ற வருகிறவன் கேபிளைப் பிடுங்கக் கூடாது இல்லையா.

மூடியை எடுத்து, பொந்து காலியானதும் 28-க்கு இறங்கியது. பிறகு தகரக் காற்றுக்குழாய் ஒன்று வந்தது. ரேக்கின் முகப்பிலிருந்து சுவிட்சின் மூக்கு வரை அந்தக் கால் மீட்டரை இணைக்கும் வெறும் பெட்டி. இதற்கென்றே விற்கிறார்கள். அதை மாட்டி, தூணுக்கும் ரேக்கின் பக்கச் சுவருக்கும் இடையிலிருந்த இடுக்கை நுரைப்பட்டையால் அடைத்ததும் 24. ஏர்கோன்களை 23-ல் வைத்தோம். ஒன்று ஓட, மற்றது ஓய்வெடுக்கிறது. கீழ் சர்வரின் ஓலமும் அடங்கியது.

இந்தத் திசைக்கு ஒரு விலை உண்டு. சுவிட்சுக்குள் சூடான காற்று இப்போது போர்ட்டுகள் வழியே வெளியேறுகிறது. அங்கே சொருகியிருக்கும் ஆப்டிக் மாட்யூல்கள் அந்தச் சூட்டில்தான் வாழ வேண்டும். சாதாரண ரக மாட்யூலுக்கு உடம்புச் சூடு 70 பாகை வரைதான் அனுமதி. `show interface transceiver details` ஒவ்வொன்றின் சூட்டையும் காட்டும். முன்பு லிங்க் விழுந்த போர்ட்டுகள் 70-ஐத் தொட்டு நின்றவைதான். இப்போது 50-ஐச் சுற்றி இருக்கின்றன, ஏனென்றால் உள்ளே நுழைவதே 24.

அண்ணனின் பணம் அந்த மாதக் கடைசியில் வந்தது, கூடுதல் சனிக்கிழமைக்கும் சேர்த்து. ரேக்கின் பக்கத்தில் அவர் சிவப்பு மார்க்கரில் பெரிய அம்புக்குறி போட்டு, 'காத்து இப்படி' என்று தமிழில் எழுதி வைத்தார். கீழே நிர்வாகி மலாயில் எழுதினார்.

இரண்டாவது ரேக்கில் பழைய சுவிட்ச் ஒன்று இன்னும் இருக்கிறது. அது முன்னும் இல்லை பின்னும் இல்லை, ஒரு விலாவில் இழுத்து மறு விலாவில் விடுகிற ரகம். அதற்குத் திசை மாற்றும் ஃபேன் கிடையாது. இரு பக்கத்திலும் கேபிளை விலக்கி நான்கு விரல் இடம் விட்டிருக்கிறோம். 36-ல் ஓடுகிறது. அதன் கையேடு 45 வரை தாங்கும் என்கிறது. அடுத்த ஆண்டு மாற்றுவார்களாம்.