வீடு மாற்றும்போது லாரிக்காரர் போடும் கணக்கு



என் தங்கை போன மாதம் திருச்சியிலிருந்து தாம்பரத்துக்கு, மகள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், குடி மாறிப் போனாள். குடும்ப ஓய்வூதியத்தில் வாழ்கிறவள். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் மூன்று பேரிடம் விலை கேட்டதில் ஒருவர் 19,000, ஒருவர் 28,000, இன்னொருவர் 36,000 என்றார்கள். "ஒரே சாமானுக்கு எப்படிண்ணா இவ்வளவு வித்தியாசம்?" என்று என்னிடம் வந்து நின்றாள். இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். உங்களில் பலர் வேலை மாற்றத்தில் ஊர் ஊராகப் போகிறவர்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. லாரிக்காரருக்கு நம் சாமானின் எடையைவிட அது அடைக்கும் இடம்தான் முக்கியம். அதைக் கன அடியில் சொல்வார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்குவது, அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்பில் தீப்பெட்டியை மேசையில் வைத்து நான் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறேன்.

டேப்பை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டை அளந்தோம். ஆறரை அடி உயர இரும்பு பீரோ ஒன்று ஏறக்குறைய 29 கன அடி; அவளிடம் இரண்டு இருந்தன. ஃப்ரிட்ஜ் 28, வாஷிங் மெஷின் 12. கட்டில்களைக் கழற்றினால் இரண்டும் சேர்த்து 30, மெத்தைகள் 30. சாப்பாட்டு மேசையும் நாற்காலிகளும் 40. ஒன்றரை அடிச் சதுர அட்டைப்பெட்டி ஒன்று 3.4 கன அடி வரும். பாத்திரம், துணி, புத்தகம் எல்லாம் சேர்த்து 35 பெட்டி, அதாவது 119. பிறகு அந்தப் பழைய சோபா செட். நீளமானது ஒன்றும் ஒற்றை இருக்கை இரண்டும் சேர்ந்து 108. ஊஞ்சல் பலகை, பூந்தொட்டி, தையல் மெஷின் என்று சில்லறை சாமான் 30. மொத்தம் 455.

பதினான்கு அடி லாரியின் உட்புறம் சுமாராக 14 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி உயரம். பெருக்கினால் 504. 'அப்படியானால் 455 அடங்கிவிடுமே' என்று தோன்றும். அடங்காது. சாமான்கள் செங்கல் போல இடைவெளி இல்லாமல் அடுக்க வருபவை அல்ல. நூற்றுக்கு 80, 85 பங்குதான் உண்மையில் நிரப்ப முடியும், அதாவது 420 வரை. அதனால்தான் நேரில் வந்து பார்த்தவர் பதினேழு அடி லாரிக்கு விலை போட்டு 36,000 சொன்னார். வந்த மேற்பார்வையாளர் என் பழைய மாணவன். "சார், அந்த சோபாவை விட்டுட்டா பதினாலு அடி வண்டியே போதும்" என்று தலையைச் சொறிந்தான். 108 கழித்தால் 347. வண்டி ஒரு படி இறங்கியது, அவனுடைய விலை 28,000-க்கு வந்தது. சோபாவைப் பழைய சாமான் கடையில் விற்றிருந்தால் மூவாயிரம் தேறுமா என்பதே சந்தேகம். அதைச் சென்னைக்கு ஏற்றிப் போக எட்டாயிரம்! பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டாள். விலை சாமானுக்குச் சாமான் ஏறுவதில்லை, வண்டிக்கு வண்டி தாவுகிறது. எந்தப் பொருள் உங்களை அடுத்த வண்டிக்குத் தள்ளுகிறது என்று பாருங்கள்.

அவன் எழுதிக் கொடுத்த 28,000: கட்டுமானப் பொருளும் கட்டும் கூலியும் 7,500, ஏற்ற இறக்கக் கூலி 5,000, மாடிக்கு 1,500, லாரி வாடகை 14,000. வரி தனி. சுமார் 300 கிலோமீட்டர் தூரம் என்பதால் வாடகைதான் பெரிய பங்கு. உள்ளூருக்குள் மாறினால் இது தலைகீழ். கூலிதான் அதிகம், தூரம் அற்பம். வேறு வீட்டுச் சாமானோடு சேர்த்து ஏற்றினால் வாடகை குறையும். ஆனால் இடையில் கிடங்கில் இறக்கி மறுபடி ஏற்றுவார்கள், வந்து சேரச் சில நாள் கூடும். கண்ணாடிப் பொருள் உள்ளவர்கள் யோசித்துச் செய்யவும்.

மாடிக் கணக்கில் ஒரு நுணுக்கம். தங்கையின் திருச்சி வீடு இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. தாம்பரத்தில் மூன்றாம் மாடி, லிஃப்ட் உண்டு. 'லிஃப்ட் உண்டு' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அந்த லிஃப்டின் உள்ளளவை மகளை அளக்கச் சொன்னோம். பீரோ நுழையாது என்று தெரிந்தது. ஆகவே 1,500-இல் மூன்று மாடிக்குப் பீரோவைப் படியேற்றும் கூலியும் முன்கூட்டியே எழுதப்பட்டது. லாரி வாசல் வரை வருமா என்பதையும் சொல்லிவிட வேண்டும். தங்கையின் சந்தில் வராது. குட்டியானை ஒன்று நடுவில் ஓடியது, அதுவும் கூலியில் அடக்கம் என்று எழுதி வாங்கினோம்.

இப்போது 19,000 சொன்னவர். வீட்டைப் பார்க்கவே இல்லை, எல்லாம் போனில். சாமான் பட்டியல் வேண்டும் என்று நான் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது: இறக்கும் கூலி 3,500, படிக்கு 2,500, கட்டாய இன்சூரன்ஸ் நூற்றுக்கு 3 வீதம், இரண்டு லட்சம் மதிப்புக்கு 6,000. கூட்டிப் பார்த்தால் 31,000. என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு இப்படித்தான் போனில் பேசி முடித்து, லாரி வாசலில் நின்றபடி "சாமான் அதிகம், இன்னும் எட்டாயிரம் வேணும்" என்றார்கள். சாமான் உள்ளே இருக்க அவர் என்ன செய்வார்? பட்டியலும் கன அடியும் விலைத்தாளோடு இணைந்திருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

இன்சூரன்ஸ்தான் நம்மவர்கள் படிக்காமல் கையெழுத்துப் போடும் இடம். 19,000 காரரிடம் "பாலிசி எந்தக் கம்பெனியுடையது?" என்று கேட்டேன். "நாங்களே பார்த்துக்குவோம் சார்" என்றார். அது இன்சூரன்ஸ் அல்ல, வெறும் வாய்வார்த்தை. இன்சூரன்ஸ் கம்பெனி தரும் சான்றிதழ், தங்கை பெயரில், லாரி கிளம்பும் முன் கைக்கு வர வேண்டும். அதில் இன்லாண்ட் டிரான்ஸிட் கிளாஸ் ஏ என்று இருக்கிறதா, பி என்று இருக்கிறதா என்று பாருங்கள். பி என்றால் தீ, மின்னல், லாரி மோதுவது, கவிழ்வது, பாலம் உடைவது போன்றவற்றுக்கு மட்டும். ஏற்றும்போது கைதவறி டம்ளர் செட் உடைந்தால் அதில் வராது. ஏ பிரிவு, விலக்குகள் போக, மற்ற விபத்துச் சேதங்களையும் ஏற்கும். வீட்டுச் சாமானுக்கு அதுதான் தேவை. என் மாணவன் நூற்றுக்கு 2 வீதம், 4,000 வாங்கி ஏ பிரிவுச் சான்றிதழே கொடுத்தான்.

தங்கை, "மதிப்பை ஒரு லட்சம்னு போட்டா ரெண்டாயிரம் மிச்சமாகுமேண்ணா" என்றாள். இரண்டு லட்சம் பெறுமான சாமானை ஒரு லட்சம் என்று எழுதினால், 20,000 ரூபாய் சேதத்துக்குப் பத்தாயிரம்தான் கிடைக்கும். பாதி மதிப்பு சொன்னதால் பாதி. நாமே கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் பெரும்பாலும் தர மாட்டார்கள். கண்ணாடியை அவர்களையே கட்ட விட வேண்டும். ஃப்ரிட்ஜ் வெளியே அடிபடாமல் உள்ளே ஓடாமல் போனாலும் பொதுவாக வராது. நகை, ரொக்கம், பத்திரம் எல்லாம் கைப்பையில்தான்.

தாம்பரத்தில் இறக்கியபோது ஒரு பீரோவின் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. கையெழுத்துப் போடும் முன் ரசீதிலேயே 'பீரோ கண்ணாடி விரிசல்' என்று எழுதி, மருமகன் போட்டோ எடுத்தார். அன்றே கம்பெனிக்குத் தகவல் போயிற்று. மூன்று வாரத்தில் 1,800 ரூபாய் தங்கை கணக்குக்கு வந்தது.

மே மாதத்தில் மாறப் போகிறவர்கள் சாமான் பட்டியலை அளவோடு எழுதி எனக்கு அனுப்புங்கள். கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன். மாதக் கடைசியைத் தவிர்த்தால் வண்டி கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும்.