பில்லில் வராத செலவு

அன்புள்ள தங்கச்சிக்கும் தம்பிக்கும்,

போனில் பேசினால் கணக்கு நிற்காது என்பதால் எழுதுகிறேன். போன முறை பேசும்போது, "எவ்வளவுன்னு சொல்லுங்கண்ணே, போட்டுடறேன்" என்றாள் தங்கச்சி. "விடுங்கண்ணே, பாத்துக்கலாம்" என்றான் தம்பி. இரண்டும் பாசத்தில் வந்த வார்த்தைகள்தான். ஆனால் அப்பாவுக்கு வந்திருப்பது மருந்து சாப்பிட்டால் தீர்ந்துபோகிற நோய் இல்லை. வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இனி அவர் இருக்கும் வரைக்கும் டயாலிசிஸ். இவ்வளவு நீண்ட காரியத்துக்கு "பாத்துக்கலாம்" என்ற சொல் தாங்காது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பதால் டயாலிசிஸுக்கு நாம் பணம் கட்டுவதில்லை. அதனாலேயே சொந்தக்காரர்கள் "எல்லாம் ஃப்ரீதானே" என்று கேட்கிறார்கள். தம்பி மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்த சீட்டுகளைத் தரையில் பரப்பி ஒரு மாதக் கணக்கு எடுத்தேன். ஆஸ்பத்திரி போய்வர வாடகைக் கார், ஒரு தடவைக்கு 600 வீதம் ஒன்பது தடவைக்கு 5,400. சிறுநீரகம் கெட்டால் ரத்தம் ஊறுவதும் குறைந்துவிடும். அதற்குப் போடுகிற ஊசி 4,800. ரத்தப் பரிசோதனை 1,200. அப்பாவின் பிரஷர் மாத்திரையும் மற்ற மாத்திரைகளும் 3,600. அம்மாவின் இன்சுலினும் சர்க்கரை மாத்திரையும் 2,600. சில்லறையாக 400. மொத்தம் 18,000. இலவச வைத்தியத்துக்கே இவ்வளவு.

அந்தச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பாயி ஞாபகம் வந்தது. தம்பிக்கு அவள் முகம் நினைவிருக்காது. இடுப்பு எலும்பு முறிந்து படுத்த பிறகு, பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூன்று பேரும் மாதத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக்கொண்டார்கள். ஒன்றாம் தேதி காலையில் அவளைக் கட்டிலோடு தூக்கி மாட்டு வண்டியில் வைப்பார்கள். தகரப் பெட்டியும் கூடவே போகும். பெரியப்பா வீட்டில் அவள் முறை நடந்த ஒரு மாதத்தில்தான் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. பில்லை அவர் கட்டினார். அதற்குப் பிறகு பேச்சு வரும்போதெல்லாம் "எங்கம்மாவுக்கு நான் கட்டின பில்லு" என்றே தொடங்குவார். முதுகில் புண் வராமல் ராத்திரியில் எழுந்து அவளைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த சித்தியின் உழைப்புக்கு எந்தச் சீட்டும் இல்லை. அப்பாயி போன பிறகு பெரியப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்ளவே இல்லை. யார் எவ்வளவு செய்தது என்பதுதான் சண்டை. இரண்டு பேருமே உண்மையைத்தான் சொன்னார்கள். ஒருவர் ரூபாயில் சொன்னார், இன்னொருவரிடம் சொல்வதற்கு ரூபாய் இல்லை.

அப்பா அப்போது ரைஸ் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வீட்டுக்கும் ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். அப்பாயிக்கு வாங்கிய தைலம், வண்டிக்கூலி, நர்சுக்குக் கொடுத்தது எல்லாம் அதில் இருக்கும். சித்தியும் அம்மாவும் செய்ததற்கு அதில் ஒரு வரி கிடையாது. அது அப்பாவின் குறை இல்லை. அந்தக் காலத்து நோட்டில் அதற்குக் கட்டமே போடுவதில்லை. நம் நோட்டில் அந்தக் கட்டத்தைப் போட வேண்டும் என்பதுதான் இந்தக் கடிதத்தின் முதல் காரியம்.

தம்பி வாரத்தில் இரண்டு நாள் கடையைச் சாத்திவிட்டு அப்பாவோடு போகிறான். அங்கே வெறுமனே உட்கார்ந்திருப்பதில்லை. அப்பாவின் எடையைப் பார்க்க வேண்டும், பாதம் வீங்கியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்க்க வேண்டும், ஊசி எடுத்த பிறகு ரத்தம் நிற்கும்வரை கையை அழுத்திப் பிடிக்க வேண்டும். கூலிக்கு ஓர் ஆள் வைத்தால் ஒரு நாளைக்கு 500 என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது நாளுக்கு 4,500. தம்பி, இது உன் பாசத்துக்கு விலை இல்லை. உன் கடைக்கு ஆகிற நஷ்டத்தைக்கூட இது ஈடு செய்யாது. ஆனால் எழுதாமல் விட்டால் அது பூஜ்யமாகிவிடும். எழுதினால் செலவு 22,500. அப்பாவின் பென்ஷன் 2,500ஐக் கழித்தால் 20,000. குத்தகைப் பணம் அம்மா கையிலேயே இருக்கட்டும். வீட்டுச் செலவுக்கு அவள் யாரிடமும் கேட்கக் கூடாது.

இந்த 20,000ஐ மூன்றாகப் பங்கிடலாம் என்று ஒரு யோசனை வரும். சமம்தானே நியாயம் என்று தோன்றும். ஆனால் சம்பளத்தையும் பார்க்காமல், சமமாகவும் பிரிக்காமல், வாடகை, கடன் தவணை, பிள்ளைகள் படிப்பு, சாப்பாடு எல்லாம் போக ஒவ்வொருவர் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று பார்த்தேன். எனக்கு 30,000, நீங்கள் சொன்னபடி தங்கச்சிக்கு 12,000, தம்பிக்கு 8,000. தங்கச்சிக்கு அவள் பனியன் கம்பெனிச் சம்பளத்தை மட்டும்தான் எடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை வருமானத்தைச் சேர்க்கவில்லை. அவருக்கும் அப்பா அம்மா இருக்கிறார்கள்.

மிஞ்சுவதன் விகிதப்படி பிரித்தால் 20,000த்தில் என் பங்கு 12,000, தங்கச்சி பங்கு 4,800, தம்பி பங்கு 3,200. தம்பி ஏற்கெனவே 4,500க்கு உழைத்துவிடுகிறான். அதனால் அவன் பணம் போட வேண்டாம். பொதுப் பணத்திலிருந்து 1,300 அவனுக்குப் போக வேண்டும். நானும் தங்கச்சியும் போடுகிற 16,800ல் அதைக் கழித்தால் 15,500. அதோடு பென்ஷனைச் சேர்த்தால் சீட்டுகளில் இருக்கிற 18,000 சரியாக வந்துவிடுகிறது.

"அண்ணன்தான் அதிகம் போடுகிறார்" என்று இதைப் பார்த்துத் தங்கச்சி வருத்தப்படுவாள். அவளுக்காகவே இதை எழுதுகிறேன். நான் காலேஜில் சேர்ந்தபோது அம்மாவின் தோடு கூட்டுறவு பேங்கில் அடகுக்குப் போனது. நீ பிளஸ் டூவில் என்னைவிட நல்ல மார்க் எடுத்தாய். அந்த வருஷம் வீட்டில் ஒரு பீஸ் கட்டத்தான் பணம் இருந்தது, அது என் மூன்றாம் வருஷப் பீஸாகப் போனது. உனக்குக் கல்யாணம் பேசினார்கள். தம்பி பதினாறு வயதில் கடையில் நின்றான். இதையெல்லாம் ரூபாயாக்கி யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று பார்க்கத் தொடங்கினால் பெரியப்பாவும் சித்தப்பாவும் போன வழியில்தான் போவோம். பார்க்கவும் வேண்டாம். இன்று நம் மூவர் கையில் மிஞ்சுகிற தொகை ஏன் இப்படி ஏறியும் இறங்கியும் இருக்கிறது என்று கேட்டால், அந்தப் பழைய கணக்கு முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது. என் 30,000த்தில் உன் காலேஜ் இருக்கிறது. அதனால் மிஞ்சுவதன்படி கொடுப்பது தருமம் இல்லை, முறை.

வீட்டை இதோடு சேர்க்கக் கூடாது. சித்தப்பா வீட்டில் அத்தையிடம், "உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே" என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியது உங்களுக்கும் தெரியும். பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் மகன், மகள் என்று பிரிக்கவில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்பது நம் மாநிலத்தில் 1989லேயே வந்துவிட்டது. நாளைக்கு வீடு எப்படிப் பிரிந்தாலும், இந்த மாதம் ஊசிக்குக் கொடுத்த பணத்தை யாரும் அங்கே கொண்டுவர வேண்டாம். இதை மூன்று பேரும் இப்போதே ஒத்துக்கொள்ள வேண்டும்.

அவசரத்துக்கு ஒரு தனி நிதி வேண்டும். அப்பாவின் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்களே, அந்த ஃபிஸ்டுலாவின் மேல் விரலை வைத்தால் ரைஸ் மில் சுவரில் கை வைத்ததுபோல ஓர் அதிர்வு தெரியும். அது தெரியாமல் போனால் உள்ளே ரத்தம் உறைந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே ஓட வேண்டும். சரியாகவில்லை என்றால் கழுத்தில் தற்காலிகக் குழாய், பிறகு புது ஃபிஸ்டுலா. புதிது பழுக்க வாரக்கணக்கில் ஆகும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ யாரையும் விடாதே தம்பி. நிதிக்கு மாதம் 5,000, அதே விகிதத்தில் எனக்கு 3,000, தங்கச்சிக்கு 1,200, தம்பிக்கு 800. அதைத் தம்பிக்கு வர வேண்டிய 1,300லேயே பிடித்துக்கொள்ளலாம். ஒரு லட்சம் சேர்ந்ததும் நிறுத்திவிடலாம். அதற்கு முன்னால் பெரிய செலவு வந்தால் முதலில் நான் கட்டுகிறேன், பிறகு விகிதப்படி கழித்துக்கொள்வோம்.

ஐப்பசி மழையில் அப்பா ஒரு முறை போகாமல் இருந்துவிட்டாரே, அது மழையால் இல்லை. கார் வாடகையை மிச்சம் பிடிக்கலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். வெளியேறாத நீர் நுரையீரலில் சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் பணத்துக்காக இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்தாலே போதும், அடுத்த முறையையும் விட்டுவிடுவார். கணக்குப் போட்டு வாழ்ந்த மனுஷன் தன்னையும் ஒரு செலவாகத்தான் எழுதிக்கொள்வார். அதனால் அவருக்கு மொத்தத் தொகையும் தெரிய வேண்டாம், யார் எவ்வளவு என்பதும் தெரிய வேண்டாம். "மூணு பேரும் சேர்ந்து பாத்துக்கிறாங்க" என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

பணத்தை ஐந்தாம் தேதிக்குள் அம்மாவின் பேங்க் கணக்கில் போடுவோம். தம்பியின் பெயரையும் அதில் சேர்த்துவிடலாம். சீட்டுகளைப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும், கார்க்காரர் பில் தருவதில்லை என்பதால் அதைத் தம்பி ஒரு வரி எழுதினால் அதுவே பில். ஒரு மாதம் யாருக்காவது முடியாமல் போனால் "இந்த மாசம் இல்லை" என்று மட்டும் சொல்லுங்கள், காரணம் கேட்க மாட்டோம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மூன்று பேரின் மிச்சத்தையும் மறுபடி பார்த்து விகிதத்தை மாற்றிக்கொள்வோம். கடை நன்றாக நடந்தால் தம்பி பங்கு கூடும், எனக்கு வேலை போனால் என் பங்கு குறையும். அப்போது சொல்ல எனக்கும் கூச்சம் இருக்கக் கூடாது.

தம்பியின் நாளுக்கு 500 என்றது குறைவு என்று எனக்கே தோன்றுகிறது. தங்கச்சி, நீ ஒரு தொகை சொல். தம்பி, வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே. திருத்த வேண்டியதைத் திருத்தி அனுப்புங்கள், தை மாதத்திலிருந்து இதன்படி நடப்போம்.

அன்புடன்,
அண்ணன்