அந்த மூன்று செக்கனும் ஒரு பின்னும்

வியாழக்கிழமை இரவு பத்தரைக்கு எங்கட நாடகத்தின் ப்ரொமோவை யூடியூபில் ஏத்தினம். 48 செக்கன். கொட்டாஞ்சேனையில் ஒரு போர்டிங் அறை, அதில ஒருத்தர் காணாமப் போறார், அதுதான் கதை. மேடையேறப் போறது வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கையில் இருக்கிற மாடி மண்டபத்தில். டிக்கெட் 500 ரூபா. வெள்ளிக்கிழமை காலை எழும்பிப் பார்த்தா அறுபது சொச்சம் கமென்ட். முதல்ல சந்தோசப்பட்டம். பிறகு வாசிச்சம்.

"500 ரூபாவா, உங்கட மூஞ்சிக்கா?" "சத்தம் ஒண்டும் விளங்கேல்ல." "கொட்டாஞ்சேனை எண்டா உடன கத்தியும் இருட்டும்தானா?" "வெள்ளவத்தைப் பிள்ளையள் கொட்டாஞ்சேனைத் தமிழ் கதைக்கிற பகிடியைப் பாருங்கோ." இடையில, யாரென்றே தெரியாத ஒரு கணக்கில் இருந்து எங்கட நடிகையைப் பற்றி எழுதக்கூடாத ஒரு வசனம்.

நாங்கள் செய்த முதல் வேலை பிழையான வேலை. "மூஞ்சிக்கா" என்று கேட்டவரோட சண்டைக்குப் போனம். ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு போனில், விரிவுரை மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்து. மண்டப வாடகை, லைட் வாடகை, பிரிண்டிங் எல்லாம் கணக்குப் போட்டுக் காட்டினம். அவர் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார். மத்தியானத்துக்கிடையில் அந்தக் கமென்டுக்குக் கீழ 23 பதில். யூடியூபில் கமென்டுகள் சும்மா திறந்தா நேர வரிசையில் வராது. லைக்கும் பதிலும் கூடினது மேலே ஏறும். அதாலே, எங்கட ப்ரொமோவைத் திறக்கிற எல்லாருக்கும் முதல்ல தெரிஞ்சது "உங்கட மூஞ்சிக்கா". அதை மேலே தூக்கி வைச்சது அவர் இல்லை, நாங்கள்தான்.

அந்த 23 பதிலுக்குக் கீழ போய்க் கிடந்தது வேறொரு கமென்ட். நாலு லைக். பின்னேரம்தான் கண்டம்.

"அந்தோனியார் கோவிலைக் காட்டேக்க அந்தச் சத்தம் ஏன் போட்டீங்கள் தம்பியாக்கள்? என்ட அண்ணி அண்டைக்கு அங்கதான் இருந்தவ."

வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தம். 19 ஆவது செக்கனில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலின் முகப்பு வருது. அதுக்கு மேல, சினிமா ட்ரெய்லர்களில் காட்சி மாறேக்க போடுவினமே, நெஞ்சுக்குள்ள இடிக்கிற மாதிரி ஒரு அடிச் சத்தம், அது. இலவசமாகக் கிடைக்கிற சத்தத் தொகுப்பில் இருந்து எடுத்தது. எடிட் பண்ணினவனுக்கு அது "ட்ரான்சிசன்". 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று அந்தக் கோவிலுக்குள்ள குண்டு வெடிச்சது. இது எங்களில் ஒருத்தருக்கும் தெரியாத விசயம் இல்லை. அந்த நேரம் நாங்கள் பள்ளிக்கூடத்தில், எங்களுக்கும் அந்தக் காலை ஞாபகம் இருக்கு. இருந்தும் ஐந்து பேர் இருபது தரமாவது பார்த்து, "செமயா இருக்கு" என்று சொல்லித்தான் ஏத்தினம்.

உடனே பதில் எழுதினம். "வணக்கம் அக்கா. எங்களுக்கு அப்படி ஒரு நோக்கமும் இருக்கேல்ல. உங்கட மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்." அனுப்பி ஐந்து நிமிசத்தில், எங்களில் கொட்டாஞ்சேனையில் வளர்ந்த ஒருத்தி கோல் எடுத்தா. சுருக்கமாத்தான் கதைச்சா. "அந்த 'இருந்தால்'ஐ எடு. அவ புண்பட்டிட்டா, சொல்லியும் இருக்கிறா. இனி என்ன இருந்தால்?"

நோக்கத்தைப் பற்றியும் அவ சொன்னது சரி. அந்த அக்கா எங்கட நோக்கத்தைக் கேட்கவே இல்லை. ஒரு படம், ஒரு சத்தம், அதைப் பற்றித்தான் கேட்டவ. அதுக்கு எங்களால் செய்யக்கூடிய ஒன்று இருந்தது, அதைச் செய்யாமல் எங்களைப் பற்றியே பதில் எழுதியிருக்கிறம்.

என்ன செய்யலாம் என்று பார்த்தா, யூடியூபில் ஏத்தின வீடியோவுக்குப் பதிலா அதே லிங்கில் வேற வீடியோ வைக்க ஏலாது. அழிச்சிட்டுப் புதுசா ஏத்தினா லிங்கும் போகும், பார்வையும் போகும், கமென்டும் போகும். எங்களில் ரெண்டு பேர் அதைத்தான் சொன்னவை. ஆனா அப்படிச் செய்தா அந்த அக்காவின் கேள்வியையும் சேர்த்து அழிக்கிறம். நாளைக்கு ஆரும் கேட்டா, கேள்வி வந்ததும் ஓடிட்டினம் என்பினம். யூடியூப் ஸ்டூடியோவில் எடிட்டர் என்று ஒன்று இருக்கு. அதில வீடியோவின் நடுவில் ஒரு துண்டை வெட்டலாம், லிங்கும் கமென்டும் அப்படியே இருக்கும். புதுக் காட்சி சேர்க்க ஏலாது, வெட்டத்தான் ஏலும். மூன்று செக்கனை வெட்டினம். சேமிச்ச உடனே மாறாது. அது வேலை செய்து முடியும்வரை பழையதுதான் எல்லாருக்கும் தெரியும். அந்த இடைவெளியில் "வெட்டிட்டம்" என்று எழுதினா, போய்ப் பார்க்கிறவை பொய் என்பினம். அதனால் இன்னொரு போனில் திறந்து கோவில் வரேல்ல என்று உறுதிப்படுத்தின பிறகுதான் எழுதினம். இன்ஸ்டகிராமில் இந்த வசதியும் இல்லை, அங்க அழிச்சுத் திரும்பப் போட்டம்.

அடுத்த கேள்வி, எதை பின் பண்ணுறது? யூடியூபில் ஒரு வீடியோவுக்கு ஒரே ஒரு கமென்டைத்தான் மேலே குத்தி வைக்கலாம். அந்த அக்காவின் கமென்டையே பின் பண்ணினா நேர்மையாத் தெரியும் என்று முதலில் நினைச்சம். பிறகு யோசிச்சா, அவவின் பேரும் படமும் எல்லாருக்கும் முதலில் தெரியும். "அதுக்கென்ன, சும்மா ஒரு சத்தம்தானே" என்று எழுதப் போற ஒவ்வொருத்தரும் அவவுக்குக் கீழதான் எழுதுவினம். துக்கத்தோட வந்த ஒருத்தரை வாசலில் நிறுத்தி வைக்கிற மாதிரி. ஆகவே எங்கட பேரிலேயே எழுதி, அதை பின் பண்ணினம்:

"இந்த வீடியோவில் 19 ஆவது செக்கனில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலின் மேல் வெடிப்பு மாதிரி ஒரு சத்தம் வைத்திருந்தோம். அது பிழை. பார்த்த ஒருவர் சொல்லித்தான் உணர்ந்தோம். அந்தப் பகுதியை இன்று நீக்கிவிட்டோம். மன்னியுங்கள்."

இதை எழுத ரெண்டு மணித்தியாலம் போனது. முதல் வரைவில் 14 வரி. கலை, சுதந்திரம், மாணவர், நேரமின்மை எல்லாம் இருந்தது. ஒவ்வொரு வரியையும் "இது அவவுக்கா, எங்களுக்கா?" என்று கேட்டு வெட்டினம்.

அன்று இரவு பெரிய விவாதம், இதுக்கு ஒரு வீடியோ போடுறதா இல்லையா என்று. அப்ப ஒருத்தன் "800" ஐ ஞாபகப்படுத்தினான். முத்தையா முரளிதரனின் வாழ்க்கைப் படம். 2020 ஒக்டோபரில் விஜய் சேதுபதி நடிக்கிறார் என்று மோசன் போஸ்டர் வந்தது. அதுவும் ஒரு ப்ரொமோதான். கமென்டுகளும் ஹாஷ்டேக்குகளும் வெடிச்சது, பாரதிராஜா போன்றவர்கள் வெளிப்படையாகவே விலகச் சொன்னார்கள். தயாரிப்புத் தரப்பு இது அரசியல் படம் இல்லை என்று அறிக்கை விட்டது. முரளிதரனும் தோட்டத் தொழிலாளர் வழிவந்த தன் குடும்பம் பட்ட கஷ்டத்தையும், யுத்த முடிவைப் பற்றித் தான் சொன்னதன் அர்த்தத்தையும் நீளமாக விளக்கினார். அந்த விளக்கமே அடுத்த விவாதத்துக்குத் தலைப்பானது. கடைசியில் ஒக்டோபர் 19 அன்று, விஜய் சேதுபதியை விலகும்படி முரளிதரனே கேட்டார். அவர் அந்த அறிக்கையைப் பகிர்ந்து போட்ட பதில் "நன்றி வணக்கம்". அதைப் பற்றியும் ஆளுக்கு ஆள் ஆராய்ச்சி செய்தது வேற கதை. படம் வேறொரு நடிகரோட 2023 ஒக்டோபரில் வந்தது.

யார் சரி என்று அன்று இரவு எங்களுக்குள்ளேயே ஒத்துப் போகேல்ல. ஆனா ஒன்று பிடிபட்டது. அங்க ஆட்சேபம் போஸ்டரில் உள்ள ஒரு படத்துக்கோ சத்தத்துக்கோ இல்லை, அந்தப் படம் எடுக்கப்படுறதுக்கே. அதில வெட்ட மூன்று செக்கன் இல்லை. செய்யிறதா, விடுறதா என்ற முடிவுதான் பதில். அதுவரை விளக்கம் கூடக் கூட எதிர்ப்பும் கூடும். எங்களுக்கு வந்தது அப்படி இல்லை, திருத்தக்கூடியது, திருத்தியாச்சு. அதுக்கு மேல முகத்தைச் சோகமா வைச்சு வீடியோ போட்டா, அந்த அக்காவின் அண்ணியை வைச்சு டிக்கெட் விக்கிற மாதிரி ஆகும். போடேல்ல.

"800" நேரம் இன்னொன்றும் நடந்தது. நடிகரின் மகளுக்கே மிரட்டல் போட்டதுக்கு சென்னைப் பொலிஸ் வழக்குப் பதிஞ்சது. எங்கட நடிகையைப் பற்றி வந்த வசனத்தை அதே கூடையில்தான் போட்டம். பதில் இல்லை. ஸ்கிரீன்சொட் எடுத்து, ரிப்போர்ட் பண்ணி, அந்தக் கணக்கை எங்கட சேனலில் மறைச்சம். மறைச்சா அவர் எழுதுறது மற்றவைக்குத் தெரியாது. அவருக்கும் அறிவிப்புப் போகாது, அதால புதுச் சண்டை தொடங்காது. வெட்டுறதுக்கு முதல் அவவிட்டயே கேட்டம். தெரியாமல் அழிச்சா, என்ன நடந்ததென்று அவவுக்கே தெரியாமப் போயிருக்கும்.

வீடியோவால பதில் சொன்னது "கொட்டாஞ்சேனைத் தமிழ்" கமென்டுக்கு மட்டும்தான். ஏனெண்டா அது காதுக்குரிய குற்றச்சாட்டு, எழுத்தில் மறுத்தா ஆரும் நம்பமாட்டினம். அதோட அது பாதி உண்மை: ப்ரொமோவில் கதைச்ச மூன்று பேரில் ரெண்டு பேர் வெள்ளவத்தை. ஒத்திகையில் கொட்டாஞ்சேனைக்காரி மற்ற ரெண்டு பேரின் வசனத்தையும் நிப்பாட்டி நிப்பாட்டித் திருத்துறதை 40 செக்கன் எடுத்து டிக்டொக்கில் போட்டம். கமென்டையே ஸ்டிக்கரா ஒட்டிப் பதில் வீடியோ போடுற வசதி அங்க இருக்கு, ஆனா அதில எழுதினவரின் பேரும் தெரியும். எங்கட கூட்டாளிமார் போய் அவரைத் தின்னுவினம் என்று பயத்தில், ஸ்டிக்கர் இல்லாமல், "வெள்ளவத்தைப் பிள்ளையள் டியூசன் எடுக்கினம்" என்று மட்டும் தலைப்பு வைச்சம். எழுதினவரே வந்து, "இப்பவும் சரியில்லை, ஆனா பரவாயில்லை" என்றார். அதுக்கு மட்டும் ஒரு இதயம் போட்டம்.

"கத்தியும் இருட்டும்தானா" என்ற கேள்விக்கு இன்னும் பதில் எழுதேல்ல. அதுக்கு நாடகமே பதில் சொல்லுதா இல்லையா என்று எங்களுக்கே சந்தேகம்.

அந்த அக்கா எங்களுக்குத் திரும்ப எழுதேல்ல. எழுதச் சொல்லி எதிர்பார்க்கிறதும் சரியில்லை. பின் இன்னும் அதே இடத்தில் இருக்கு. டிக்கெட் எங்க எடுக்கலாம் என்ற விபரத்தை அந்த இடத்தில் போடத்தான் முதலில் திட்டம். ஒரே ஒரு பின் என்றபடியால் அது கீழ விபரக்குறிப்புக்குள்ள போயிட்டு. அதை ஆரும் திறந்து பார்க்கிறேல்ல. இப்பவும் நாளைக்கு மூன்று பேராவது "டிக்கெட் எங்க?" என்று கேட்கினம், நாங்கள் முறை வைச்சு ஒவ்வொருத்தருக்கும் பதில் போட்டுக்கொண்டு இருக்கிறம்.