எது இல்லை என்று பார்

பதினோராம் வகுப்பில் இயக்கவியல் கணக்கு ஒன்றை எழுதிப் போட்டதுமே பிள்ளைகள் கேட்பது, "சார், எந்தச் சமன்பாட்டுல ஆரம்பிக்கணும்?" என்றுதான். நாங்கள் ஆசிரியர்கள் வழிவழியாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: கணக்கில் கொடுக்கப்படாததும் கேட்கப்படாததுமான அளவு எதுவென்று பார், அந்த எழுத்து இல்லாத சமன்பாட்டை எடு. இந்த விதி ஏன் தவறாமல் பலிக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் இந்தச் சமன்பாடுகளின் பிறப்பைத் தேடிப் போனேன்.

நியூட்டனிடம் தொடங்கினேன். 1687-இல் வந்த அவருடைய 'பிரின்சிபியா' விசையைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் இந்தச் சமன்பாடுகளின் கரு அதற்கும் முந்தையது. 1638-இல் கலிலியோ வெளியிட்ட 'இரு புதிய அறிவியல்கள்' நூலில், மூன்றாம் நாள் உரையாடலில் அது இருக்கிறது. முடுக்கமுள்ள இயக்கம் பற்றி அதிலுள்ள முதல் தேற்றம் சொல்வது இது: ஓய்விலிருந்து சீராக முடுக்கம் பெறும் பொருள் ஒரு தொலைவைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்குமோ, இறுதி வேகத்தில் பாதி வேகத்தோடு சீராகப் போனாலும் அதே நேரம்தான் எடுக்கும். தொலைவு காலத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம் என்பது இதற்கு அடுத்த தேற்றம்.

அந்தப் பாதி வேகம் கலிலியோவுக்கும் மூத்தது. 1330-களில் ஆக்ஸ்போர்டின் மெர்ட்டன் கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் ஹெய்ட்ஸ்பரி போன்றவர்கள் இதை வாதத்தாலேயே நிறுவியிருந்தார்கள். சில பத்தாண்டுகள் கழித்து பிரான்சில் நிக்கோல் ஒரேம் அதைப் படமாக வரைந்தார்: படுக்கைக் கோட்டில் காலம், அதன்மேல் செங்குத்தாக வேகம். ஒன்பதாம் வகுப்பில் நாம் வரையும் திசைவேக-காலப் படத்தின் முன்னோடி அதுதான். அந்தப் படத்தில் கோட்டுக்குக் கீழே அமையும் சரிவகத்தின் பரப்பு தொலைவைத் தருகிறது: s = (u + v)t/2. நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் மூன்று சமன்பாடுகளில் இது இல்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

v = u + at என்பது முடுக்கத்தின் வரையறை. இதையும் அந்தச் சரிவகத்தையும் வைத்துக்கொண்டால் போதும், மற்றவை தாமாக வந்துவிடும். v-ஐ நீக்கினால் s = ut + ½at². t-ஐ நீக்கினால் v² = u² + 2as. அளவுகள் ஐந்து, அடிப்படை உறவுகள் இரண்டு. ஒவ்வொரு சமன்பாடும் ஏதோ ஓர் எழுத்தை இழந்து நிற்கிறது. 'இல்லாததைப் பார்' என்ற விதியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வரும் 8,000 கிலோ பஸ், பிரேக் போட்டதும் 40 மீட்டரில் நிற்கிறது. பிரேக் விசை எவ்வளவு? விசை என்றதும் கை F = ma-வுக்குப் போகும்; ஆனால் அங்கே F, a இரண்டுமே தெரியாது. விசைப் பக்கத்துக்கும் இயக்கப் பக்கத்துக்கும் முடுக்கம்தான் பாலம். எந்தப் பக்கம் விவரம் நிறைய இருக்கிறதோ அந்தப் பக்கமிருந்து ஏற வேண்டும். வேகத்தை 20 மீ/வி என்று மாற்றிக்கொள்கிறோம். காலம் கொடுக்கப்படவும் இல்லை, கேட்கப்படவும் இல்லை; எனவே v² = u² + 2as. 0 = 400 + 80a; a = −5 மீ/வி². பிறகுதான் F = ma; விசை 40,000 நியூட்டன், இயக்கத்துக்கு எதிர்த்திசையில். விசையும் நிறையும் கொடுத்துத் தொலைவைக் கேட்டிருந்தால் இதே வழியில் மறுமுனையிலிருந்து, F = ma-வில், தொடங்கியிருப்போம்.

இதே பஸ் பிரேக் போட்டு 6 வினாடிகளில் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று கேட்டால்? இப்போது இல்லாதது v; விதிப்படி s = ut + ½at². 120 − 90 = 30 மீட்டர். ஆனால் பஸ் நின்றதே 40 மீட்டரில்! v = u + at-இல் போட்டுப் பார்த்தால் 4 வினாடியிலேயே வேகம் பூஜ்யமாகிவிட்டது தெரியும். பஸ் நின்ற பிறகு முடுக்கம் −5 இல்லை. சமன்பாடோ அது தெரியாமல் பஸ்ஸைப் பின்னோக்கி ஓட்டிவிட்டது. காலம் கொடுக்கப்பட்ட பிரேக் கணக்கு எதுவானாலும் நிற்கும் நேரத்தை முதலில் கண்டுபிடித்துவிட வேண்டும். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆனது என்றிருந்தால், அந்த 20 மீட்டர் முடுக்கமில்லாத தனிப் பகுதி; அதற்கு s = ut மட்டும் போதும். முடுக்கம் மாறும் இடத்தில் கணக்கை வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் சமன்பாட்டைப் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சுருள்வில் தள்ளும் கட்டையைப் போல முடுக்கம் நொடிக்கு நொடி மாறினால் இவற்றில் எதுவுமே செல்லாது. அங்கேயும் v² சமன்பாட்டுக்கு ஒரு வாரிசு உண்டு. v² சமன்பாட்டை m/2-ஆல் பெருக்கினால் ½mv² − ½mu² = Fs என்று வரும். விசை மாறும்போது Fs-க்குப் பதில் விசை-தொலைவுப் படத்தின் பரப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரேம் வேகத்துக்கும் காலத்துக்கும் வரைந்த அதே பரப்புக் கணக்கு.