தம்பிக்கு எழுதிய பத்திரச் சுருக்கம்

பத்திரம் எழுதுவதுதான் என் தொழில். கட்சிக்காரர் கொண்டுவரும் பழைய தஸ்தாவேஜைப் படித்து, அதில் இருப்பதை அவருக்குப் புரியும்படி சொல்லி எத்தனையோ முறை பழகியிருக்கிறேன். ஆனால் கனடாவில் இருக்கும் தம்பி, "அண்ணே, நம்ம பாகப்பத்திரத்தை ஸ்கேன் பண்ணி அனுப்புனீங்களே, ஒரு எழவும் புரியல. என்ன இருக்குன்னு எழுதுங்க" என்று கேட்டபோது பேனா ஓடவில்லை. பத்திரத்தில் 1 இலக்கமிட்டவர் நான், 2 இலக்கமிட்டவர் அவன். அவன் பங்கைச் சுருக்கி எழுதப் போகிறவன் அவனுடைய எதிர்ப் பங்காளி.

அதனால் ஒரு முறை வைத்துக்கொண்டேன். தகராறு வரக்கூடிய இடத்தில் பத்திரத்தின் வாசகத்தை அப்படியே எடுத்தெழுதுவது, அதன் கீழே என் விளக்கத்தைத் தனியாக வைப்பது, எனக்குப் பாதகமானதை முதலில் சொல்வது.

முதலில் அளவு. கிழக்குப் பார்த்த வீடு. மொத்த மனை கிழமேல் 90 அடி, தென்வடல் 32 அடி. தெற்குப் பாகம் எனக்கு, வடக்குப் பாகம் அவனுக்கு, நடுவில் தெருவாசலிலிருந்து கொல்லை வரை 4 அடி பொது நடை. என் பாகத்தின் அகலம் 14 அடி என்று தெளிவாக இருக்கிறது. அவனுடைய பாகத்தில் அந்த எண்ணின் மேலேயே முத்திரை விழுந்திருந்தது. ஸ்கேனில் 11 என்றும் படிக்கலாம், 14 என்றும் படிக்கலாம். இந்த மாதிரி இடத்தில் கண்ணை நம்பக்கூடாது, கூட்டிப் பார்க்க வேண்டும். 14, 4, 11 என்றால் 29தான் வருகிறது, மூன்றடி காணாமல் போகிறது. 14 என்றால் 32 சரியாக வருகிறது. சில வரிகள் தள்ளி, பரப்பை 'ஆயிரத்து இருநூற்று அறுபது சதுரடி' என்று எழுத்தாலும் எழுதியிருக்கிறார்கள். 90 அடி நீளத்துக்கு 14 அடி அகலம் இருந்தால்தான் அது வரும். இந்தக் கணக்கையும் கடிதத்தில் அப்படியே போட்டேன். முடிவை மட்டும் சொல்லியிருந்தால் அவன் என்னை நம்ப வேண்டியிருந்திருக்கும்.

"வீட்டில் எனக்குப் பாதி" என்றுதான் இத்தனை வருஷமும் அவன் சொல்லிவந்தான். பத்திரம் அப்படிச் சொல்லவில்லை. 1260 சதுரடி அவனுக்கே உரியது. நடையின் 360 சதுரடியில் அவனுக்குப் பிரிபடாத பாதி. அதாவது இரண்டடி அவனுடையது, இரண்டடி என்னுடையது என்று கோடு போட முடியாது. அவனும் சுவர் எழுப்பக்கூடாது, நானும் கூடாது. பைக் நிறுத்த அந்த நடையில் கொட்டகை போட்டிருப்பவன் நான். அதையும் எழுதினேன்.

கிணறு அவன் பாகத்தில் விழுகிறது. 'ஷை கிணற்றில் 1 இலக்கமிட்டவர் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் பாத்தியதை உண்டு' என்று ஒரு வரி. நானே விளக்கியிருந்தால் கைதவறி 'பொதுக்கிணறு' என்று எழுதியிருப்பேன், ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பொதுக்கிணறு என்றால் எனக்கும் உடைமை வந்துவிடும். இங்கே கிணறும் அது இருக்கும் மண்ணும் அவனுடையவை. எனக்கு இருப்பது வாளி விடும் உரிமை மட்டும். ஆனால் அவன் அதைத் தூர்க்கவும் முடியாது, அவனிடமிருந்து வாங்குகிறவரையும் அந்த வரி விடாது.

என் பாகத்து மேற்கு அறையை அம்மா ஆயுள்பரியந்தம் அனுபவிக்கலாம் என்று இருக்கிறது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், அந்த ஷரத்தும் அதோடு முடிந்தது. ஒரே வரியில் முடித்துக்கொண்டேன். எழுதும்போது வரி நீளமாக இருந்ததாகத் தோன்றியது.

ஸ்கேன் எடுத்த பையன் தாள்களின் முன்பக்கத்தை மட்டும் எடுத்திருந்தான். பதிவு எண்ணும், எந்தப் புத்தகம், எந்தத் தொகுதி என்பதும், நாங்கள் வைத்த கைரேகையும் பின்பக்கத்தில்தான் இருக்கின்றன. அது இல்லாமல் பார்க்கிறவருக்கு இது பதிவான பத்திரமா, வெறும் கூர்சீட்டா என்றே தெரியாது. வீட்டைப் பிரித்துக்கொடுக்கும் பத்திரம் பதிவாகாமல் இருந்தால் நீதிமன்றத்தில் அதைக் காட்டி உரிமை கேட்க முடியாது. பின்பக்கங்களையும் நானே எடுத்து அனுப்பினேன்.

கடிதம் போய் இரண்டாம் நாள் போன் வந்தது.

"அண்ணே, எல்லாம் சரி. திண்ணை யாருக்கு?"

மறுபடி முழுதும் படித்தேன். திண்ணை என்ற சொல்லே பத்திரத்தில் இல்லை. "தனியா ஒண்ணும் சொல்லலடா. ஆனா மனை தெருவோரத்துலேர்ந்துதான் ஆரம்பிக்குது. அளவுப்படி நடைக்கு வடக்கே இருக்கிற திண்ணை உன்னுது."

"அப்பா படுத்திருப்பாரே, அதா?"

"அதுதான்."